ஹார்ட்டுக்குப் பிறகு விளங்கல்ல

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் சவூதியில் இருந்தார். கல்முனை வாடகை வீட்டில் நானும் ஒன்பது வயது மகளும் மட்டும். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் வந்து முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் மணிக்கட்டு வீங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மற்றக் கட்டில்களைச் சுற்றி வாப்பாமாரும் சாச்சிமாரும் சாப்பாட்டோடு நிற்பார்கள். எங்கள் கட்டிலருகே நான் மட்டும்தான்.

ஆஸ்பத்திரித் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்று டொக்டர் கூப்பிட்டார். கொழும்பில் ஆங்கிலத்தில் படித்து வளர்ந்த தமிழர், பொறுமையானவர். தமிழில்தான் தொடங்கினார். தொண்டைப் புண்ணைச் சரியாகப் பார்க்காமல் விட்டால் பிறகு மூட்டு இப்படி வீங்கலாம், சிலருக்கு ஹார்ட்டையும் தொடும் என்றார். அந்தச் சொல்லோடு அவர் பேச்சு ஆங்கிலத்துக்கு நழுவியது. அவருக்கே அது தெரியவில்லை.

நான் தலையாட்டினேன். "ஓகே?" என்றார். "யெஸ்" என்றேன். அதுதான் பிழையாகப் போயிற்று. எனக்கு ஆங்கிலம் விளங்குகிறது என்று நினைத்து இன்னும் வேகமாகப் பேசினார். ஊசிக்கான சொல் மட்டும் பிடிபட்டது. கணவர் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருப்பேன். பார்க்க யாருமில்லை.

டொக்டர் எழும்பப் போனார்.

"டொக்டர், கொஞ்சம் நில்லுங்க. ஹார்ட்டையும் தொடும் எண்டு சொன்ன வரைக்கும் விளங்கின. அதுக்குப் பிறகு ஒண்டும் விளங்கல்ல. அங்கயிருந்து தமிழில சொல்லுங்க."

அவர் திடுக்கிட்டார். "இங்கிலீஷிலயா கதைச்சேன்? சொறி அம்மா." மறுபடி உட்கார்ந்தார். நாலு வசனம் தமிழில் வந்தது. மருந்தின் பெயர் வந்ததும் பேச்சு திரும்பவும் அந்தப் பக்கம் போயிற்று. இந்த முறை நான் தலையாட்டவில்லை.

"தமிழில, டொக்டர்."

சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். எல்லாம் முடிந்ததும், "நான் விளங்கினதச் சொல்றன், பிழையெண்டா திருத்துங்க," என்றேன். "நோவு வந்தா ஊசி போடணும். நோவு போனா நிப்பாட்டலாம்."

"ஐயோ, இல்லை!" என்றார். "நோவு இல்லாட்டியும் மாசா மாசம் போடணும். பல வருஷம். பிள்ளை ஓடி விளையாடினாலும் நிப்பாட்டக் கூடாது. திரும்பவும் காய்ச்சல் வந்தா ஹார்ட் பழுதாகும்."

அவர் சொன்னதை அப்படியே இன்னொரு முறை சொன்னேன். "இப்ப சரி," என்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். "உம்மா, டொக்டர் ஏசினாரா?" என்று மகள் கேட்டாள். "இல்ல மகள்," என்றேன். இவ்வளவையும் சொல்ல எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கணவருக்குக் கேசட்டில் பேசி அனுப்பினேன். பதில் வருவதற்குள் அடுத்த ஊசியும் போட்டாயிற்று.

மாதம் தவறாமல் போட்டோம். அந்தக் காய்ச்சல் அவளுக்குத் திரும்ப வரவில்லை. அத்தனை மாதங்களும் ஊசி அறை வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான் ஒருத்திதான்.