சிவனம்மாள் தேங்காய்ப் பாலுக்கு உறை ஊற்றிய கதை

தொப்பம்பட்டிப் பக்கத்துப் பால் சொசைட்டியில் இருபத்திரண்டு வருஷம் பால் பரிசோதித்து ஓய்வு பெற்றவர் சிவனம்மாள். தண்ணீர் கலந்த பாலைக் கருவி மிதக்கவிட்டுப் பிடிப்பார். அந்தத் தண்ணீரை மறைக்க மாவு கரைத்தவர்களை அயோடின் சொட்டு விட்டுப் பிடிப்பார். பால் நீலமானால் கேனோடு திருப்பி அனுப்பிவிடுவார்; சொந்த நாத்தனாருக்கும் அதே மரியாதைதான். இதனால் ஊருக்குள் அவருக்கு மதிப்பு அதிகம், கல்யாணப் பத்திரிகைகள் குறைவு.

ஊர்த் தென்னை விவசாயிகள் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்ததும், அதன் டைரக்டர் மணிமாறன் சிவனம்மாள் வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்து ஒரு வாரம் ஆகியும் கழுத்தில் மாட்டிய அட்டையை அவர் கழற்றவில்லை.

"ஏனுங்கக்கா, பாலே தொடாத ஆளுங்க கொடைக்கானல் ரிசார்ட்டுக்கு நிறைய வாராங்க. அவிங்களுக்குத் தேங்காப்பால் தயிர் வேணுமாமுங்க. உங்க கை பட்டா கல்லாட்டம் நிக்காதுங்களா?"

"செஞ்சு பாக்கலாந் தம்பி" என்றார் சிவனம்மாள்.

மாட்டுத்தயிரால் உறை ஊற்றினால் வாங்குபவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால், பால் கலக்காத உறைத்தூள் பாக்கெட்டில் வந்தது. தேங்காய்ப் பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் தூளைக் கலந்து, பதமான சூட்டில் எட்டு மணி நேரம் மூடி வைத்தார். திறந்தபோது நல்ல புளிப்பு வாசம். மேலே ஆடையாகக் கொழுப்பு, அடியில் கழுநீர் மாதிரி தண்ணீர்.

மணிமாறன் அதைக் குளிர்பெட்டியில் வைத்தார். மறுநாள் காலையில் மேலடுக்கு கெட்டியாக இருந்தது. உடனே போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பி, 'கத்தியால் வெட்டும் கட்டித் தயிர்' என்று ஸ்டிக்கருக்கும் சொல்லிவிட்டார். மதிய வெயிலில் கொழுப்பு உருகி, தயிர் பழையபடி ஓடியது.

அடுத்த நாள் நிர்வாகக் குழு கூடியது. பாத்திரத்தை ஈசானிய மூலைக்கு மாற்றினால் உறையும் என்றார் ஒருவர். உறைத்தூளை இரட்டிப்பாக்கச் சொன்னார் இன்னொருவர். கடைசியில், 'வரும் வெள்ளிக்கிழமைக்குள் தயிர் உறைய வேண்டும்' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தயிர் மட்டும் போடவில்லை.

சிவனம்மாள் எழுந்தார். "சொசைட்டியில ரெண்டு அளவு பாப்பமுங்க. கொழுப்பு ஒண்ணு, கொழுப்பு இல்லாத சத்து ஒண்ணு. பால் புளிச்சதும் அந்த ரெண்டாவதுல இருக்கிற புரதந்தான் ஒண்ணோட ஒண்ணு கோத்து வலையாட்டம் நிக்கும். தண்ணியும் கொழுப்பும் அதுக்குள்ள மாட்டிக்கும். தேங்காயில கொழுப்பு கொட்டிக் கெடக்குது, அந்தப் புரதம் இல்லீங்க. தூளு புளிக்க வைக்கும், அம்புட்டுத்தான். இல்லாததை அது எங்கிருந்து கொண்டாரும்?"

"அப்ப சோயாவுல புரதம் இருக்குதுல்லங்க?" என்றார் மணிமாறன்.

சோயாப் பாலிலும் செய்து பார்த்தார்கள். அது உறைந்தது. ஆனால் கரண்டி பட்டதும் விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்தது. புரதம் இருந்தாலும் அது வேறு ஜாதிப் புரதம். மாட்டுப்பால் மாதிரி பிடித்து நிற்கவில்லை. அவரைப் பருப்பு வாசம் வேறு.

வழி என்னவென்று சிவனம்மாளுக்குத் தெரிந்தே இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. மூன்றாம் நாள் மணிமாறனிடம் மெல்லச் சொன்னார்: "மரவள்ளி மாவு கொஞ்சம் கரைச்சுக் காய்ச்சணுந் தம்பி."

மணிமாறன் முகம் திருவிழா மாதிரி மலர்ந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நீலமாகித் திரும்பிய கேன்களில் ஒன்று அவருடையது.

"நான் போட்டாக் கலப்படம், நீங்க போட்டா டெக்னாலஜிங்களாக்கா?"

சிவனம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலை குனியவில்லை. "நீங்க பால்னு சொல்லி மாவு ஊத்துனீங்க தம்பி. நாம மாவு இருக்குன்னு டப்பாவுல எழுதியே கொடுப்பம். எழுதலீன்னா எனக்கு இந்த வேலை வேண்டாம்."

மாவைக் கரைத்துத் தேங்காய்ப் பால் பளபளவென்று கெட்டியாகும்வரை கிளறினார். ஆறவிட்டு, உறைக்குத் தீனியாகக் கொஞ்சம் சர்க்கரையும் தூளும் சேர்த்தார். புளித்த பின் குளிரவைத்ததும் கரண்டியில் வழுவழுப்பாக நின்றது. கத்தி தேவைப்படவில்லை, வெட்டும் அளவுக்கும் இல்லை.

மணிமாறன் மாவு விஷயத்தை எறும்பு கூடக் கண்ணாடி போட்டுப் படிக்கும் அளவில் அச்சடித்திருந்தார். சிவனம்மாள் மார்க்கர் பேனா வாங்கிவந்து, முன்னூறு டப்பாவிலும் 'மரவள்ளி மாவு சேர்த்தது' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். 'கத்தியால் வெட்டும்' என்பதை அதே பேனாவால் அடித்தார்.

ரிசார்ட்டில் அந்தக் கையெழுத்து எல்லாருக்கும் பிடித்துப்போனது. கையால் எழுதிய டப்பாதான் வேண்டும் என்று மறு ஆர்டர் வந்தது. உள்ளூர் நிருபர் வந்தபோது மணிமாறன் அட்டையைச் சரிசெய்துகொண்டு, "வெளிப்படைத்தன்மை எங்க ரத்தத்துலயே இருக்குதுங்க" என்றார்.

உள்ளே சிவனம்மாள், அடுத்த பானைத் தேங்காய்ப் பாலைக் கட்டி தட்டாமல் கிளறிக்கொண்டிருந்தார்.