ஜெராக்ஸ் கடைக்குக் கீழே அழுகை அக்கா

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. டப்பிங் ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் அழுகை அக்கா. தொடர்களில் மாமியார் இறந்தாலும், மகன் வீட்டை விட்டு ஓடினாலும், கல்யாணம் நின்றாலும் திரையில் வாயைத் திறப்பது யாரோ ஒரு நடிகை. கேட்கும் அழுகை இவளுடையது.

மைக்குக்கு முன்னால் நிற்கும்போது அவள் கண்ணில் ஒரு சொட்டு இருக்காது. அடிவயிற்றை இறுக்கி, மூச்சைப் பாதியில் பிடித்து, தொண்டையில் ஒரு முடிச்சுப் போட்டு அவிழ்ப்பாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். வெளியே வந்ததும், "டீ ஆறிப்போச்சா?" என்று கேட்பாள்.

பழைய மேனேஜர் இருந்த காலத்தில் வாரம் தவறாமல் அழைப்பு வரும். அவர் ஓய்வு பெற்று, வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனதோடு போனும் வாயை மூடிக்கொண்டது. முதலில் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது ஆள், பழக நாளாகும் என்று இருந்தாள். பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் ஓர் அழுகை கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள்.

சிட்டுவின் குரல்.

சிட்டு இவளைவிடப் பத்து வயது சின்னவள். கூட்டத்தில் 'ஐயோ', 'அடப்பாவி' என்று கத்துவதற்கு வந்துகொண்டிருந்தவள். ஸ்டுடியோ மாடிப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து தன் டப்பாவிலிருந்து சாப்பிடுவாள். அந்தச் சிட்டு இப்போது கதாநாயகியின் அம்மாவுக்கு அழுகிறாள்!

"கேட்டீங்களா? இது அழுகையா? தும்மலுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுதா?" என்று கணவனிடம் கேட்டாள்.

அவர் தையல்காரர். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே, "நல்லாத்தானே இருக்கு" என்றார். அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்பில்லை.

அதன்பின் அவள் வயிற்றில் நெருப்பு அணையவே இல்லை. எந்த நேரத்தில் எந்தத் தொடர் என்று கணக்கு வைத்துக்கொண்டு சிட்டுவைக் கேட்டாள். ஒவ்வோர் அழுகையிலும் ஒரு குற்றம் கண்டுபிடித்தாள். மூச்சு எடுக்கும் சத்தம் கேட்கிறது. கடைசியில் இழுவை அதிகம். பிள்ளை போன துக்கத்துக்கும் பணம் போன துக்கத்துக்கும் ஒரே விம்மல். குற்றம் கிடைக்காத நாளில் எரிச்சல் இரட்டிப்பானது. சிட்டு புது ஆளிடம் தன்னைப் பற்றி ஏதோ போட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினாள். குரல் போய்விட்டது என்று சொல்லியிருப்பாளோ? சம்பளம் அதிகம் கேட்கிறேன் என்றா?

"ஒரு போன் போட்டுக் கேளேன்" என்றார் கணவர்.

"நானா? இத்தனை வருஷத்துல நான் யாரையாவது கூப்பிட்டு வேலை கேட்டிருக்கேனா? வேணும்னா அவங்க கூப்பிடட்டும்."

அவர்கள் கூப்பிடவில்லை. ஒருநாள் காலையில் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு நேரே ஸ்டுடியோவுக்குப் போய்விட்டாள்.

வரவேற்பறையில் அதே கிழிந்த சோபா, அதே மூடிய ஜன்னல், கம்பளம் ஒட்டிய சுவரின் அதே புழுக்கம். மேஜைக்குப் பின்னால் புது ஒருங்கிணைப்பாளர். முப்பது வயதிருக்கும், காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு போனை இடுக்கியபடி இன்னொரு போனில் தட்டிக்கொண்டிருந்தார். சோபாவில் சிட்டு. இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அக்கா! எப்படி இருக்கீங்க?"

அவள் சிட்டுவைப் பார்க்காமலே மேஜைக்குப் போனாள். "தம்பி, என்னை ஏன் ஒதுக்கிட்டீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"நீங்க...?"

"அழுகை அக்கா."

அவர் போனைக் கீழே வைத்தார். "நீங்கதானா! டைரக்டருங்க எல்லாம் அழுகை அக்காவைக் கூப்பிடு, அழுகை அக்காவைக் கூப்பிடுன்னு என் உயிரை எடுத்தாங்க. உங்க நம்பர் இல்லையேக்கா."

"பழைய மேனேஜர் கையில இருந்தது இதே ஆபீஸ் போன்தானே? அதுல இல்லாம எங்க போகும்? யாராவது அழிச்சுட்டாங்களோ?" கடைசிச் சொல்லைச் சோபா பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"நீங்களே பாருங்க." அவர் தொடர்புகளைத் திறந்து azhugai என்று ஆங்கில எழுத்தில் அடித்தார். ஒன்றும் வரவில்லை. alugai என்றார். இல்லை. azhukai, alukai. இல்லை. "சிலர் ழவுக்கு zh போடுறாங்க, சிலர் l போடுறாங்க. கவுக்கு k-யா g-யான்னு வேற தெரியல. எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன்கா."

அவளுக்கு முகம் சுருங்கியது. இருபது வருடம் அழுத இடத்தில் தான் இருந்ததற்கு அடையாளமே இல்லையா? அதுவும் சிட்டுவுக்கு முன்னால்!

உள்ளேயிருந்து டீ குடிக்க வந்த சவுண்ட் இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். அவர் இங்கே பழைய ஆள். "மேனேஜர் எதையும் இங்கிலீஷ்ல எழுத மாட்டாரேப்பா. தமிழ்ல அடிச்சுப் பாத்தியா?"

போனை வாங்கி, விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி, 'அ', 'ழு' என்று இரண்டே எழுத்து அடித்தார். அழுகை அக்கா பளிச்சென்று வந்து நின்றாள்.

ஒருங்கிணைப்பாளர் தலையில் கை வைத்தார். "அப்போ லிஸ்ட்டை உருட்டிப் பாத்தப்போ ஏன் கண்ணுல படல? A-ல தேடினேனே!"

"A-ல எப்படி இருக்கும்? அ வேற, A வேற. போனுக்கு சத்தம் தெரியாது, எழுத்துதான் தெரியும்." இன்ஜினியர் பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போனார். கார் டிரைவர், எலக்ட்ரீசியன், தண்ணி கேன்காரர் என ஆங்கிலத்தில் எழுதியிருந்த பெயர்கள் எல்லாம் ஓடின. கடைசியில் X-இல் ஜெராக்ஸ் கடை. அதற்கும் கீழே, யாரும் இறங்கிப் பார்க்காத இடத்தில், தமிழ் தொடங்கியது. முதல் பெயர் அழுகை அக்கா. பிறகு இருமல் அண்ணன், குழந்தைக் குரல், சிரிப்பு சார், விசும்பல் அக்கா.

"மேனேஜர் வெச்சிருந்தப்போ இந்தப் போனோட மொழியே தமிழ். அப்போ தமிழ்ப் பேருங்கதான் மேல நிக்கும், இங்கிலீஷ் அதுக்குக் கீழ. நீ வந்ததும் போனை இங்கிலீஷுக்கு மாத்திட்டே. உடனே இங்கிலீஷ் மேல ஏறிடுச்சு, இவங்க எல்லாம் கீழ இறங்கிட்டாங்க."

அகர வரிசையில் முதல் ஆளாக இருந்தவள் ஜெராக்ஸ் கடைக்குக் கீழே கிடந்திருக்கிறாள். யாரும் ஒதுக்கவில்லை, யாரும் அழிக்கவில்லை என்றதில் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அப்போ சிட்டுவை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அவளையும் மேனேஜர் தமிழ்லதானே எழுதியிருப்பாரு?"

"ஆமாக்கா. ஆனா அவங்க போன் பண்ணி வேலை கேட்டாங்க. மணி அடிக்கும்போது ஸ்கிரீன்ல 'சிட்டு'ன்னு பேர் வந்துச்சு. அடுத்த தடவை தேட வசதியா இருக்கட்டும்னு நான்தான் இங்கிலீஷ்ல மாத்தி வெச்சேன். மத்தவங்களும் தமிழ்ல இருப்பாங்கன்னு அப்போ தோணல. நீங்க ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தா உங்க பேரும் வந்திருக்கும்."

அது அவளைச் சுருக்கென்று தைத்தது. இரண்டு பேரும் ஒரே பள்ளத்தில்தான் கிடந்திருக்கிறார்கள். சின்னவள் கௌரவம் பார்க்காமல் ஏறி வந்துவிட்டாள். இப்போது அவள் பொறாமைப்பட்டது சிட்டுவின் வேலையைப் பார்த்து அல்ல. கூச்சமில்லாத அந்த ஒரு போன் அழைப்பைப் பார்த்து.

ஒருங்கிணைப்பாளர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "சிட்டுகிட்டகூட உங்க நம்பர் கேட்டேன். இல்லைன்னாங்க."

அவள் மெல்லத் திரும்பினாள். சிட்டு முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என் நம்பர் உங்கிட்ட இல்லையா? போன தடவை உங்கம்மாவுக்கு உடம்பு முடியலன்னு எந்த நம்பருக்குப் பேசினே?"

"தேடினேன்கா. நானும் இங்கிலீஷ்லதான் அடிச்சுப் பாத்தேன், வரல." சிட்டு தலையைத் தூக்கினாள். "தமிழ்ல எழுதி வெச்சது ஞாபகம் இருந்துச்சு. கீழ போய்ப் பாத்திருக்கலாம். பாக்கல. அந்த அம்மா வேஷம் எனக்கு வேணும்னு இருந்துச்சு."

அவள் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். அதற்குள் ஒருங்கிணைப்பாளரை உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அவர் அவசரமாக அழுகை அக்காவின் பெயருக்கு அடியில் செல்லப்பெயருக்கு என்று இருக்கும் கட்டத்தைத் திறந்தார். "தமிழ்ப் பேர் அப்படியே இருக்கட்டும். இங்க இங்கிலீஷ்ல போட்டா தேடும்போது வந்துடும். zh-ஆ, l-ஆ?"

"ரெண்டையும் போடுங்க" என்றாள் அவள். "அப்புறம் cry-ன்னும் போடுங்க. நாளைக்கு இந்த மேஜைக்கு யார் வருவாங்களோ!" அவரை இரண்டு முறை தேட வைத்து, தன் பெயர் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெளியே வந்தாள். வாசல் வரை வந்த சிட்டுவைத் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினாள்.

வேலை திரும்பி வந்தது, எல்லாம் வரவில்லை. கதாநாயகியின் அம்மா சிட்டுவிடமே இருந்தாள், பாதியில் குரலை மாற்ற முடியாதென்று சொல்லிவிட்டார்கள். இவளுக்கு ஒரு விதவை, ஒரு பாட்டி, அவ்வப்போது யாராவது ஒரு சித்தி. பட்டியலில் மேலே வந்தாலும் சிட்டுவின் அழுகையை விரும்புகிறவர்களும் இருக்கத்தான் செய்தார்கள். அதற்குப் போனைக் குறை சொல்ல வழியில்லை.

சில வாரம் கழித்து ஒருங்கிணைப்பாளர் கேட்டார்: "அக்கா, சத்தமில்லாம மெதுவா விசும்பணும். பக்கத்து அறைக்குக் கேக்கக் கூடாதுன்னு அழுற மாதிரி. அந்த மாதிரி பண்றவங்க யாராவது இருக்காங்களா?"

விசும்பல் அக்கா என்று அவள் நாக்கு நுனி வரை வந்தது. அன்றைக்கு அவசரத்தில் இவள் பெயரை மட்டுந்தான் திருத்தினார்கள். மற்றவர்கள் ஜெராக்ஸ் கடைக்குக் கீழேயேதான் இருந்தார்கள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"யாரும் இல்லையே தம்பி. நானே பண்ணிடறேன்" என்றாள்.

பண்ணினாள். வரவில்லை. அவளுடைய அழுகை ஊரைக் கூட்டும் அழுகை. அடக்க அடக்க இருமலாக வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இன்னொரு தடவை பாத்துடலாம்மா" என்று மரியாதையாகச் சொன்னது திட்டியதைவிட வலித்தது. ஹெட்போனைக் காதில் மாட்டியபடியே நின்றவளுக்கு, சிட்டுவின் முகமும் விரலில் சுற்றிய முந்தானையும் மனதில் வந்தன. கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"தம்பி, லிஸ்ட்ல கீழ போங்க. இன்னும் கீழ. வி-ல பாருங்க. விசும்பல் அக்கான்னு இருக்கும். அப்படியே அங்க இருக்கிற மத்தவங்களுக்கும் இங்கிலீஷ்ல ஒரு பேர் போட்டு வைங்க."

விசும்பல் அக்கா மதியம் வந்தாள்; ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முதல் தடவையிலேயே முடித்துவிட்டாள். ஸ்பீக்கரில் அந்தச் சின்ன விசும்பல் கேட்டபோது இன்ஜினியர் பொத்தானிலிருந்து கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

வரவேற்பறையில் இருந்த ஸ்பீக்கர் வழியாக அழுகை அக்காவும் சிட்டுவும் சோபாவின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். அழுகை அக்கா குற்றம் தேடினாள். மூச்சு எடுக்கும் சத்தம் இல்லை. இழுவை இல்லை. வயிற்றில் பழைய நெருப்பு பற்றிக்கொண்டது. ஓரக்கண்ணால் பார்த்தால், சிட்டுவும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பண்றாங்கல்லக்கா?" என்றாள் சிட்டு.

"ம்... பரவாயில்ல" என்றாள் அவள். சற்றுக் கழித்துத் தன் டப்பாவைத் திறந்து சோபாவின் நடுவில் வைத்தாள். "சாப்பிடு. அடுத்த சீன்ல அம்மாவும் பாட்டியும் சேந்து அழணுமாம். என்னைவிடச் சத்தமா அழுதே, பாத்துக்கோ."