ஜோடியில்லாத வரி

மண் அரைக்கும் உருளைக்குள் இறங்கி, ஒட்டிய மண்ணைப் பழமலை சுரண்டிக்கொண்டிருந்தான். அது தெரியாமல் சேரன் சுவிட்சைப் போட்டான். பழமலையைக் கூடையில்தான் வெளியே எடுத்தார்கள்.

செத்தவனின் அண்ணன் பாண்டியன் சேரனைப் போட்டு மிதித்ததில் இரண்டு பல் போயிற்று. "மெயினை அணைச்சுப் பூட்டிட்டுத்தான் உள்ள ஆள் எறங்கணும்னு கையேட்டுலயே இருக்குது. படிச்சுக் கையெழுத்துப் போட்டவன் இவன்" என்றார் பீங்கான் கம்பெனி மேலாளர் சக்கரபாணி. கையேடாம், பெரிய கையேடு! சேரனும் அதை நம்பினான். "படிச்சத மறந்துட்டேன், நான்தான் கொன்னுட்டேன்" என்று சப்-ஜெயிலில் சுவரில் தலையை மோதிக்கொண்டான்.

அவன் அக்கா கயல்விழிக்கு ஜங்ஷன் ரோட்டில் ஒரு மொழிபெயர்ப்பு நிலையத்தில் வேலை. ஒரே ஆவணத்தின் ஆங்கிலத்தையும் தமிழையும் வரிக்கு வரி ஜோடி சேர்த்துக் கணினியில் சேமிப்பாள். அடுத்த பதிப்பில் அதே வரி வந்தால் பழைய தமிழைக் கணினியே எடுத்துக் கொடுக்கும். பதினோராம் நாள் அவள் மேஜைக்கு அந்தக் கையேடே வந்தது, இரண்டு பிடிஎப்பாக. புதுப் பதிப்பு போடுகிறார்களாம்.

பக்க எண்களை நீக்கினாள். பாதியில் முறிந்த வரிகளை ஒட்டினாள். நாற்பத்து மூன்றாவது ஜோடியிலிருந்து எல்லாமே ஒரு வரி தள்ளி நின்றது. அங்கே தமிழ்ப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் நுழைத்ததும் கீழே இருந்தவை சரியாகப் பொருந்தின. எதிரே இருந்த ஆங்கில வரியைப் படித்தாள். மெயினை அணைத்துப் பூட்டுவது பற்றிய வரி. தமிழ்ப் பிடிஎப்பை முதலிலிருந்து கடைசிவரை தேடினாள். எங்கேயும் இல்லை.

ஜோடியில்லாத வரியை அழித்துவிட்டுத்தான் சேமிப்பது வழக்கம். அவள் அழிக்கவில்லை.

அப்போதுதான் பாண்டியன் கடப்பாரையோடு படியேறி வந்தான். "ஒன் தம்பி ஜாமீன்ல வரட்டும், வெட்டிப் பொதைக்கிறேன்!" கண்ணாடிக் கதவு நொறுங்கியது. ஒரு சில்லு அவள் கன்னத்தைக் கிழித்தது.

"அடிங்கண்ணே, ஆனா இதக் கேட்டுட்டு அடிங்க" என்று திரையைத் திருப்பி, ஆங்கில வரியைத் தமிழில் சொன்னாள். "தமிழ்ல இது எழுதவே இல்லண்ணே. பாருங்க, காலியா கெடக்குது. தமிழ் மட்டுந்தான் தெரிஞ்ச அவன் எப்படிப் படிச்சிருப்பான்?"

கையேட்டின் அந்த வரி முதன்முதலாகத் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது அன்றைக்குத்தான்.

பாண்டியன் வெறும் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு இறங்கி ஓடினான். ரத்தம் வழிய அவளும் பின்னால் ஓடினாள். "வேணாண்ணே!" அவள் கம்பெனி வாசலை எட்டுவதற்குள் சக்கரபாணியின் வலக்கை இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. காட்டியது தான்தானே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் இரண்டு பிடிஎப்பையும் அச்செடுத்து வக்கீலிடம் கொடுத்துவிட்டு, சப்-ஜெயிலுக்கு மனுப் போட்டுத் தம்பியைப் பார்க்கப் போனாள். கம்பிக்குப் பின்னால் சேரன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான்.

"யாருடா அடிச்சது?"

"அடிக்கலக்கா. நேத்து பாண்டியண்ணனயும் புடிச்சு இங்கதான் கொண்டாந்தாங்க. என்னக் கட்டிப் புடிச்சிக்கிட்டு, 'நீ மறக்கலடா, ஒனக்கு எவனும் சொல்லவே இல்ல'ன்னாருக்கா."