நாலாவது கார்டில் இறங்காத சுரம்

என் மனைவி மேடையில் பாடுகிறவள். இருபத்திரண்டு வருடமாக ஒரே குழுவில், அடுத்தவர் பாட்டை, அடுத்தவர் பாடியது போலவே பாடுகிறாள். நன்றாகப் பாடுவாள் என்று ஊரே சொல்கிறது. எனக்குத் தெரியாது. நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வீட்டின் முன்னறைதான் என் பட்டறை. சங்கீதத்துக்கும் எனக்கும் உள்ள தூரத்தை, கழுதைக்கும் கற்பூரத்துக்கும் உள்ள தூரம் என்று அவளே நாலு பேர் நடுவில் சொல்லியிருக்கிறாள். நானும் சிரித்திருக்கிறேன், உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது.

அவளுக்குச் சொந்தமாக ஒரே ஒரு மெட்டு உண்டு. கல்யாணமான மூன்றாம் வருடம், பாத்திரம் கழுவிக்கொண்டே உண்டாக்கியது. வார்த்தை கிடையாது, வெறும் ஏற்ற இறக்கம்தான். எழுதியும் வைக்கவில்லை, பதிவும் செய்யவில்லை. குழுவில் பாடிக் காட்டச் சொன்னால், ‘அதெல்லாம் ஒரு பாட்டா’ என்று தட்டிக் கழித்துவிடுவாள். அடுத்தவர் பாட்டுக்குத் தொண்டை கிழியக் கத்துகிறவளுக்குத் தன் பாட்டென்றால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். இந்தக் குணத்துக்காக நான் எத்தனை முறை சத்தம் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

இந்த வருடம் வானொலி நிலையத்தில் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு ஒரு புது முகப்பு இசை தேடினார்கள். யாரும் அனுப்பலாம், ஆனால் சொந்த மெட்டாக இருக்க வேண்டும். நான் பிடுங்கிய பிடுங்கலில் ஒப்புக்கொண்டாள். குழுவில் கீபோர்டு வாசிக்கிற தம்பியை வரவழைத்தாள். அவனை எல்லோரும் ‘பொட்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அவள் பாடுவதைக் கேட்டான், அடியில் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டாக, பொருத்தமாக நாலு கார்டு போட்டான், போனில் பதிவு செய்து அனுப்பினார்கள். நல்லபடியாகத்தான் போயிற்று என்று நினைத்தேன்.

மறுநாள் வானொலி அதிகாரி கூப்பிட்டார். தன்மையான மனிதர்தான். கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் ஐந்து வருடமாக எல்லா மேடையிலும் ஓடுகிற அந்தப் பெரிய பாட்டு மாதிரியே அல்லவா இருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன், சொந்த மெட்டுதான் என்றால் வாருங்கள், இல்லையென்றால் வர வேண்டாம் என்றும் சொன்னார்.

அவள் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கொடுமை. அனுப்பியதைத் திரும்பப் போட்டுக் கேட்டால், ஆரம்பத்தில் அவள் மெட்டு மாதிரி இருந்தது, நடுவில் வழுக்கி அந்தப் பாட்டுக்குள் போய் விழுந்தது. அவளுக்கே அது தெரிந்த மாதிரியும் இருந்தது, தப்பாகவும் இருந்தது. எந்த இடத்தில் தப்பு என்றுதான் பிடிபடவில்லை.

“நான் திருடலைங்க. ஆனா என் மெட்டு எதுன்னு எனக்கே ஞாபகம் இல்லைன்னா, அது என்னுதுன்னு எப்படிச் சொல்றது?” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

செவ்வாயும் புதனும் பொட்டி வந்து உட்கார்ந்தான். ஞாபகம் வரட்டும் என்று அதே நாலு கார்டைத் திரும்பத் திரும்ப வாசித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிப்பாள், மூன்றாவது கார்டு வரை வருவாள், நாலாவதில் அந்தப் பெரிய பாட்டில் இறங்கிவிடுவாள். அவன் இன்னும் மெதுவாக வாசிப்பான், அவள் இன்னும் மெதுவாகத் தப்பாகப் பாடுவாள். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பின கதைதான். புதன் சாயங்காலம், வெள்ளிக்கிழமை போகப் போவதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

எனக்கு வந்ததே கோபம். ஒரு கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டிருந்தேன், கையெல்லாம் கிரீஸ். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனேன். பதினெட்டு வருடமாக வீட்டில் முனகுகிற பாட்டை இந்தப் பெட்டிக்காரன் இரண்டு நாளில் மறக்கடித்துவிட்டானே என்று கத்தினேன். அவள் பாட்டு அப்படியா இருக்கும், இப்படித்தானே இருக்கும் என்று, வந்த வேகத்தில் நானே முனகிக் காட்டிவிட்டேன். சுருதி எங்கேயோ போயிற்று. அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு முடித்தேன்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. பொட்டி மட்டும் கீபோர்டை அணைத்துவிட்டு, “மாமா, இன்னொரு வாட்டி” என்றான்.

கேலி செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று முறை முனக வைத்தான். அப்புறம் மேசையில் விரலால் தாளம் தட்டி, அதோடு சேர்த்து முனகச் சொன்னான். பிறகு அந்தப் பெரிய பாட்டையும் கேட்டான். அதையும் முனகினேன், யாருக்குத்தான் தெரியாது. அவன் ஒரு காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டான்.

அவன் எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். கார்டு என்பது மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்துவது. அதன் மேல் பாடுகிறவர் அந்த மூன்றில் எதில் நின்றாலும் காதுக்கு ஒத்துப்போகும். அதனால் அதே நாலு கார்டு, அதே வரிசையில் வந்தாலும், மேலே போகிற மெட்டு வேறு வேறாக இருக்கலாம். அந்த நாலு கார்டு வரிசையும் யார் வீட்டுச் சொத்தும் இல்லை, எத்தனையோ பாட்டுக்கு அடியில் அதுதான் கிடக்கிறது. பெரிய பாட்டு முதல் கார்டில் ‘ப’வில் நிற்கிறது, இரண்டாவதில் ‘நி’, மூன்றாவதில் மேல் ‘ச’. கீழிருந்து ஏறுகிறது. அவள் மெட்டோ மேல் ‘க’வில் ஆரம்பித்து ‘ரி’, பிறகு ‘ச’ என்று இறங்கி வருகிறது. அவளுடையது மேலிருந்து வருகிறது, பெரிய பாட்டு கீழிருந்து வருகிறது, மூன்றாவது கார்டில் இரண்டும் ஒரே ‘ச’வில் வந்து முட்டிக்கொள்கின்றன. நாலாவது கார்டில் பெரிய பாட்டு ‘த’வுக்கு இறங்கும். அவள் மெட்டு இறங்காது. அடியில் கார்டு மாறினாலும் அதே ‘ச’வைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

“அக்கா அஞ்சு வருஷமா, இந்த இடத்துல இந்தக் கார்டு கேட்டதும் ‘த’வுக்கு இறங்கியே பழகிட்டாங்க மாமா. நான் ஞாபகப்படுத்துறேன்னு வாசிச்சது எல்லாம் அந்தப் பாட்டைத்தான் ஞாபகப்படுத்தியிருக்கு.”

நான் மட்டும் எப்படித் தப்பித்தேன் என்று கேட்டேன். அதற்கு அவன் தயங்கித் தயங்கி, உங்களுக்குத்தான் கார்டே காதில் ஏறாதே மாமா என்றான். நீங்கள் இந்த மெட்டைக் கற்றது பாத்திரச் சத்தத்துக்கு நடுவில், அடியில் எந்த வாத்தியமும் இல்லாமல், அதனால் அது அப்படியே இருக்கிறது என்றான். போதாததற்கு, சுருதி தப்பு, ஆனால் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே நிற்கிறது எல்லாம் அச்சாக இருக்கிறது என்று ஒரு சான்றிதழும் கொடுத்தான். செவிடன் காதில் ஊதின சங்குக்கும் ஒரு பயன் உண்டு போலிருக்கிறது.

அவள் இதெல்லாம் கேட்டாளா என்று தெரியவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. “நின்னுடும். ஆமா, அங்க நின்னுடும்” என்றாள்.

ஞாபகம் வந்துவிட்டது என்றால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். முடியவில்லை. அடியில் கார்டு வந்ததும் அவள் மறுபடி ‘த’வில் விழுந்தாள். எனக்குக் கம்ப்ரசர் ஞாபகம் வந்தது. ஓடும்போது எல்லாம் ஒரே மாதிரிதான் முனகும், நிற்கிற விதத்தில்தான் எது எது என்று தெரியும். சொன்னேன், இருவரும் கண்டுகொள்ளவில்லை.

வியாழக்கிழமை முழுக்க அந்த இரண்டையும் பிரிக்கிற வேலைதான் நடந்தது. முதலில் கீபோர்டே கிடையாது, தாளம் மட்டும். அப்போது இன்னொரு வித்தியாசமும் தெரிந்தது. பெரிய பாட்டு தாளம் தட்டுகிற அடியிலேயே ஆரம்பிக்கும், அவள் மெட்டு அரை அடி தள்ளி உள்ளே வரும். அந்த அரை அடி காத்திருப்பதை அவள் ஐம்பது முறையாவது பழகியிருப்பாள். அப்புறம் முதலிலிருந்து பாட வேண்டாம் என்றான் பொட்டி. மூன்றாவது இடத்து ‘ச’விலிருந்தே ஆரம்பித்து, அது நிற்கிற இடத்தையும் அதற்கு அடுத்த அடியையும் மட்டும் பாட வைத்தான். முச்சந்தியில் வழி தவறுகிறவரை அந்தச் சந்தியிலேயே கொண்டுபோய் விட்டுப் பழக்குகிற மாதிரி.

பிறகு கார்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டான். முதலில் மூன்றாவது கார்டையே நாலாவது இடத்திலும் மாற்றாமல் பிடித்தான். அதிலும் ‘ச’ உண்டு, அதனால் பொருந்தியது. இறங்கச் சொல்லி இழுக்கும் அந்தக் கார்டு இல்லை, அவளும் இறங்கவில்லை. அது கையில் நின்றதும் பழையபடி நாலாவது கார்டைப் போட்டான். ஒரு முறை தடுக்கியது. அடுத்த முறை கார்டு அடியில் நகர்ந்தது, அவள் குரல் நகரவில்லை. எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அவன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கார்டை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே, “அது” என்றால் பெரிய பாட்டு, “உங்களுது” என்றால் அவள் மெட்டு. மாற்றி மாற்றிக் கேட்டான். முதலில் தடுமாறினாள். சாயங்காலத்துக்குள் அவன் வாயைத் திறந்ததும் தாவினாள். ஒன்றை மறந்து இன்னொன்றைக் காப்பாற்ற முடியாது அக்கா, இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டால்தான் ஒன்றில் ஒன்று கலக்காது என்றான். வயதுக்கு மீறின பேச்சு, ஆனால் சரியாகத்தான் சொன்னான்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். ஒலிப்பதிவு அறை எங்கள் சமையலறையை விடச் சின்னது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு, நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அதிகாரியும் ஒலிப்பதிவுக்காரரும் நானும், அந்தப் பக்கம் அவளும் கீபோர்டோடு பொட்டியும். அவள் அரை அடி காத்திருந்து ஆரம்பித்தாள். நாலாவது கார்டு வரும்போது நான் என் வேட்டியின் முனையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். அவள் இறங்கவில்லை.

முடித்து இருவரும் வெளியே வந்தார்கள். அதிகாரி மறுபடி போட்டுக் கேட்டார், தலையைச் சாய்த்துக் கேட்டார். “நல்லா இருக்கும்மா. ஆனா இப்பவும் எங்கேயோ கேட்ட மாதிரிதான் இருக்கு” என்றார்.

பொட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். குரல் உயரவில்லை. பதிவைத் திரும்பப் போடச் சொல்லி, தன் குரலை அணைத்துக் கார்டை மட்டும் ஓடவிடச் சொன்னாள். ஓடியது. முதல் சுற்றில் அந்தப் பெரிய பாட்டைப் பாடினாள், ‘த’வுக்கு இறங்கி, கச்சிதமாக. இரண்டாம் சுற்றில், எங்கும் தடுக்காமல், ‘ச’விலேயே நின்று, தன் மெட்டைப் பாடினாள்.

“நீங்க கேட்டது அடியில இருக்கிறதை சார். அது எல்லாருக்கும் பொது. மேல போறது என்னுது” என்றாள்.

அதிகாரி மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அதை அவள் பக்கம் நகர்த்தி, இசை என்ற இடத்தில் பெயரை எழுதச் சொன்னார். இத்தனை வருடத்தில் எந்தப் பொருளைக் காட்டியும் ‘என்னுது’ என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டுப் பத்திரம்கூட என் பெயரில்தான் இருக்கிறது.