நான் ஒட்டிய இரண்டு எழுத்து

வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்கி மூன்று வருடம் முடியும் நேரம், ஆசிரிய ஆலோசகர் என் வகுப்பைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அவருடைய அறிக்கையை வைத்துத்தான் என்னை நிரந்தரமாக்குவார்கள். அவர் வரும் நாள் காலை கண்டியில் முதல் பஸ்ஸையே பிடித்தேன்.

அதிகாரி வந்தால் பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகளில் நல்லவற்றைப் பொறுக்கி மேசையில் அடுக்கிவைப்பது எங்கள் பாடசாலை வழக்கம். நான் முதலில் எடுத்தது முன்வரிசைப் பெண்ணின் கொப்பி. முத்துமுத்தான எழுத்து. அம்மா பாடுபட்டு உழைக்கிறாள் என்பதை 'மை மதர் வேர்க்ஸ் ஹார்ட்' என்று சரியாகவே எழுதியிருந்தாள். அந்த 'ஹார்ட்'டின் வாலில் யாரோ சிவப்பு மையால் எல், வை என்று இரண்டு எழுத்தை ஒட்டி 'ஹார்ட்லி' ஆக்கியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான்.

எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் வகுப்பில் பாதிப் பேர் 'ஹி ரன்ஸ் குயிக்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். வேகம் என்பதோடு 'ஆக' சேர்த்து வேகமாக என்கிறோம் இல்லையா, அந்த 'ஆக'தான் இங்கிலிஷில் 'லி' என்று சொல்லிக்கொடுத்தேன். குயிக் குயிக்லி ஆனது, ஸ்லோ ஸ்லோலி ஆனது. 'ஷீ வெல் ஸ்பீக்ஸ் இங்கிலிஷ்' என்று தமிழ் வரிசையில் எழுதியவர்களிடம் 'வெல்'லைத் தூக்கிக் கடைசியில் போடச் சொன்னேன். எனக்கே என் கெட்டித்தனம் பிடித்துப்போயிற்று. பிறகு பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு கொப்பி திருத்தினேன். கை தன்பாட்டில் கண்ட இடத்திலெல்லாம் லி போட்டிருக்கிறது. ஹார்ட், ஃபாஸ்ட் எல்லாம் வால் இல்லாமலே சரி என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் செய்ததுதான் வெட்கக்கேடு.

கொப்பியை என் பைக்குள் திணித்தேன். வேறு கொப்பிகளை மேசையில் அடுக்கினேன்.

ஆலோசகர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். அடுக்கியிருந்த கொப்பிகளில் இரண்டை மட்டும் புரட்டினார். பிறகு முன்வரிசையைப் பார்த்து, அம்மா எப்படி வேலை செய்கிறா என்று ஒரு வசனம் எழுதச் சொல்லி நான் ஒளித்த கொப்பியின் சொந்தக்காரியிடமே சோக்கட்டியை நீட்டினார். அவள் கரும்பலகையில் 'மை மதர் ஹார்ட்' என்று தொடங்கி அழித்தாள். 'மை மதர் வேர்க்ஸ் ஹார்ட்லி' என்று முடித்தாள்.

அப்படியென்றால் அம்மா வேலையே செய்வதில்லை என்கிற மாதிரி அர்த்தம் வரும் என்று அவர் விளக்கினார். வகுப்பு சிரித்தது. விடிந்ததிலிருந்து மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படி எழுத யார் சொல்லித் தந்தது என்று அவர் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "யாரும் இல்ல சேர். நான்தான் பிழையா எழுதிட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை என்று எழுதலாம், ஆனால் அது பொய். பயந்தேன், அவ்வளவுதான். அவர் ஏதோ குறித்துக்கொண்டு, பரவாயில்லை டீச்சர் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டுக் கொப்பியைக் கொடுத்தேன். நான் திருத்தியது பிழை என்று சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் மிஸ். அன்னைக்கே டிக்‌ஷனரியில பாத்தேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"பயமா இருந்துச்சு மிஸ்."

அவளிடம் நான் ஒருநாளும் கை நீட்டியதில்லை, பெரிதாக அதட்டியதுமில்லை. ஆலோசகருக்கு முன்னால் நான் நடுங்கியதுபோல அவள் எனக்கு முன்னால் மாதக்கணக்காக நடுங்கியிருக்கிறாள். சரியாக எழுதிய பிள்ளை பிழையாக எழுதப் பழகியிருக்கிறாள்.

அவளிடமிருந்து கொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஓடினேன். பாடசாலை அதிபரின் அறை வாசலில் ஆலோசகர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திறந்து காட்டி, அது பிள்ளையின் பிழையில்லை, என்னுடையது என்றேன். போனால் போகட்டும் வேலை என்று நினைத்துத்தான் போனேன்.

அவர் சிவப்பு மையில் இருந்த இரண்டு எழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்படவில்லை.

"ஓம், விளங்குது," என்றார். "வேற எத்தினை கொப்பியில இப்பிடித் திருத்தியிருக்கிறீங்கள், டீச்சர்?"

அதுவரை அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. தெரியாது சேர் என்றேன்.