இரண்டு வாசலிலும் தரைத்தளம்

கொடைக்கானலில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியை மலைச்சரிவில் கட்டியிருந்தார்கள். நாலு தளம். கீழ்ரோட்டு வாசலில் நுழைந்தால் ஆகக் கீழே உள்ள தளம். மேல்ரோட்டு வாசலில் நுழைந்தாலோ மூன்றாவது தளத்தில் நிற்பீர்கள். ஆனால் இரண்டு வாசலிலும் ‘தரைத்தளம்’ என்றுதான் போர்டு. அங்கேயே கிடந்த எங்களுக்கு அது உறுத்தவே இல்லை.

ஒரு சாயங்காலம் நாலாவது தளத்தில், சாமான் அறைக்கு முன்னால், பூண்டியிலிருந்து வந்த விவசாயி ஒருவர் திகைத்து நின்றார். வயிற்றில் ஆபரேஷன் ஆன மனைவியைப் பார்க்க வந்தவர். மேல்ரோட்டு வாசலில் நுழைந்திருக்கிறார்.

“பொம்பளைங்க வார்டு முதல் மாடின்னு எழுதியிருந்துச்சுங்க. ஒரு மாடி ஏறுனேன், இங்க பூட்டிக் கெடக்கு. எறங்கிப் போனா அம்புக்குறி திரும்பவும் மேலேயே காட்டுது. எனக்குத்தான் படிக்கத் தெரியல போல.”

அந்த அம்பு ‘நேராகப் போ’ என்பதற்காக வரைந்தது. மாடிப்படிக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்ததால் ‘ஏறு’ என்று எடுத்துக்கொண்டார். வார்டோ கீழ்ரோட்டு வாசல் கணக்கில்தான் முதல் மாடி; அவர் நுழைந்த வாசலுக்கு ஒரு தளம் கீழே.

“உங்க மேல தப்பில்லைங்க, போர்டு மேலதான்” என்று கூட்டிப்போனேன். பார்வை நேரம் முடிந்திருந்தது. கடைசி பஸ்ஸும் கிளம்பப் போகிறது. கட்டில் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம்தான் நின்றார்.

“வரமாட்டீகன்னு நெனச்சுட்டேன்” என்று அந்த அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு மனசே ஆறவில்லை. மறுநாள் பெரிய டாக்டரிடம் சொன்னேன். “சரி, நீயே கூட நின்னு மாத்து” என்று பஜாரிலிருந்து பெயின்டரை வரவழைத்தார்.

பழைய பெயர்களை எல்லாம் அழித்தோம். கீழிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தளங்களுக்கு எண் போட்டோம். எந்த வாசலில் வந்தாலும் அதே எண்தான். மேல்ரோட்டு வாசலில், ‘இது 3ஆம் தளம். பெண்கள் வார்டு 2ஆம் தளம், படி இறங்கவும்’ என்று பெயின்டர் எழுதினார். நிமிர்ந்த அம்பு இனி நேராகப் போவதற்கு மட்டும். படிக்கட்டுக்குச் சாய்ந்த அம்பு, கூடவே ‘ஏறவும்’, ‘இறங்கவும்’ என்ற சொல்.

எழுத்தின் அளவில்தான் இழுபறி. காகிதத்தில் சின்னதும் பெரிதுமாக எழுதிச் சுவரில் ஒட்டினார். தாழ்வாரக் கோடியில் நின்று நான் படித்தேன்.

“அது ‘ண’வா, ‘ன’வா? சுழி எல்லாம் ஒண்ணா அப்பிக்கிடுச்சே.”

“பக்கத்துல நல்லாத்தானே தெரியுது, சிஸ்டர்?”

“மூடுபனி உள்ளே வந்துட்டா? நீங்களே இங்க வந்து பாருங்க.”

வந்து நின்று கண்ணைச் சுருக்கினார். போய் எழுத்தைப் பெரிதாக்கினார், சுழிகளை அகல விட்டார். திரும்பும் இடத்தைத் தாண்டி மாட்டியிருந்த போர்டுகளைத் திருப்பத்துக்கு முன்னாலேயே மாட்டினோம்.

அடுத்த வாரம் பார்வை நேரத்துக்கு மணி அடித்த கொஞ்ச நேரத்தில், தலையெல்லாம் பனி ஈரத்தோடு அந்த மனிதர் யாரையும் கேட்காமல் தானாகவே வார்டுக்குள் வந்தார். அந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

“கேரட்டுக்குத் தண்ணி பாய்ச்சாம வந்துட்டீகளா?” என்று ஆரம்பித்தாள். பார்வை நேரம் முடியும்வரை அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.