வந்தது, போனது, நிற்கிறது

கல்லூரி இறுதி ஆண்டில் நானும் என் வகுப்புத் தோழி ஒருத்தியும் ஒரு உடன்படிக்கை செய்துகொண்டோம். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும், எனக்குக் கோடிங். சனிக்கிழமைகளில் அவள் பள்ளுருத்தியிலிருந்து பஸ் ஏறி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். கேம்பஸ் தேர்வுக்கு வரும் கம்பெனிகள் முதலில் வைப்பது ஆப்டிட்யூட் என்ற கணக்குத் தாள். அதில் தேறினால்தான் கோடிங் தாளையே திருத்துவார்கள்.

"ஒரு வேலைய ஒருத்தன் பன்னெண்டு நாள்ல முடிப்பான், இன்னொருத்தன் பதினஞ்சு நாள்ல. மொத்த வேலை அறுபதுன்னு வெச்சுக்கோ. ஒருத்தன் ஒரு தெவசத்துக்கு அஞ்சு பங்கு செய்வான், மத்தவன் நாலு. சேர்ந்தா ஒம்பது. அறுபதை ஒம்பதால வகு, தீந்துபோச்சு" என்பாள். பின்னத்தைக் கண்டாலே நடுங்கும் எனக்கு அப்படித்தான் கணக்கு பிடிபட்டது.

பதிலுக்கு நான் அவளுக்கு புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புரோகிராமில் வரும் மாறிகளுக்கு எல்லோரையும்போல ஐ, ஜே என்று பெயர் வைக்க மாட்டேன். பஸ்கள் வரும் நேரமும் கிளம்பும் நேரமும் கொடுத்து, குறைந்தது எத்தனை பிளாட்பாரம் வேண்டும் என்று கேட்கும் ஒரு கணக்கு உண்டு. அதற்கு வந்தது, போனது, நிற்கிறது என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து எழுதினேன். அவள் சிரித்தாள். ஆனாலும் என் நோட்டிலிருந்த அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

ஐ.டி. சர்வீஸ் கம்பெனி ஒன்று டிசம்பரில் வந்தது. கல்லூரி லேபில் இரண்டு பிரிவாகத் தேர்வு. அவள் காலையில், நான் மதியம். லைப்ரரி வாசலில் காத்திருந்தேன். அவள் வெளியே வந்து என் தோளைத் தட்டினாள்.

"எளுப்பமாத்தான் இருந்துச்சுடி. பயப்படாதே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மதியம் ஆப்டிட்யூட் முடிந்து கோடிங் திறந்தபோது இரண்டாவது கேள்வி பஸ் பிளாட்பாரம். கை தானாகவே எழுதியது. எல்லா டெஸ்ட் கேஸும் சரி என்று பச்சையாக வந்தன. பேருந்தில் திரும்பும்போது, வேலை கிடைத்த மாதிரியே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு நாள் கழித்துப் பிளேஸ்மென்ட் சார் கூப்பிட்டார். அறையில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எங்கள் விடைகள் ஒன்றுக்கொன்று நகல் என்று கம்பெனி சொல்லிவிட்டதாம், எல்லோரும் நீக்கம். மாதிரிக்கு அனுப்பிய இரண்டு விடைகளை மேஜையில் வைத்தார். இரண்டிலும் வந்தது, போனது, நிற்கிறது. இரண்டுமே நான் எழுதிய தாள் இல்லை.

"சார், இது என்னோடது. நான்தான் இதை எழுதினவ" என்றேன்.

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அவர் அடுத்த கோப்பை எடுத்தார்.

அறைக்கு வெளியே அந்த எட்டுப் பேரில் ஒருத்தி போனைக் காட்டினாள். காலையில் இந்தக் கேள்வி வந்தது என்று, அன்று மதியத் தேர்வுக்கு முன் மனப்பாடம் செய்யச் சொல்லி ஒரு குரூப்பில் வந்த படம். என் நோட்டின் பக்கம், என் கையெழுத்து. அனுப்பியவள் என் தோழி. அந்தக் குரூப்பில் நான் மட்டும்தான் இல்லை.

கேன்டீனில் அவளைப் பிடித்தேன். நான் கேட்டதற்குச் சாயா கிளாஸைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"நீ எப்படியும் எழுதுவேன்னு நான் நெனச்சேன். அவங்கள்தான் கெஞ்சினாங்கோ."

"நீ என்ன எழுதின?"

"எனக்கு அந்த பஸ் கணக்கு பாதிதான் வந்துச்சு. சொந்தமாத்தான் எழுதினேன். மத்தது முழுசா சரி."

அவள் தேர்வாகியிருந்தாள்.

"சார்ட்ட வந்து சொல்லுடி, நோட் என்னோடதுன்னு. அதுமட்டும் போதும்."

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். "சொன்னா என்னோட ஆஃபர் போயிருமே. எனக்கு வீட்டுல ஆருண்டு சொல்லு?" என்றாள். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவளுடைய அழுகையைப் பார்த்து இரக்கப்படவும் முடியவில்லை. இத்தனை சனிக்கிழமைகளில் அவள் என் எதிரே உட்கார்ந்திருந்தது எதற்காக என்ற கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

வீட்டில் அப்பா, "என்ன மோளே ஆச்சு?" என்று கேட்டார். காப்பி அடித்ததாகச் சொல்லிவிட்டார்கள் என்றேன். நீ அடித்தாயா என்று அவர் கேட்கவில்லை. அது ஒன்றுதான் அந்த வாரம் எனக்குக் கிடைத்த நல்லது.

பிப்ரவரியில் இன்னொரு கம்பெனியின் தேர்வில் தேறினேன். ஆப்டிட்யூட்டில் வேலை-நாள் கணக்கு வந்தது. மொத்த வேலையை எடுத்துக்கொண்டு, அவள் சொல்லிக்கொடுத்த வழியில்தான் போட்டேன். வேறு வழி எனக்குத் தெரியாது. அது எனக்கு அவமானமாக இருந்தது. கடைசி நாளில் படம் எடுக்க எல்லோரும் நின்றபோது அவள் தன் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் விட்டு நின்றாள். நான் வரிசையின் மறுமுனைக்குப் போய்விட்டேன்.